நேர்காணலில் ஒரு புள்ளிக்கு என்ன விலை?

"அக்கா, மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். எபேனில் ஒரு வங்கியில் இரண்டு வருஷமாக வேலை. நவம்பரில் சென்னை போய் எம்பிஏவுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினேன், 95 பர்சென்டைல். இந்தியாவில் இரண்டு கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்றில் குரூப் டிஸ்கஷனும் இன்டர்வியூவும், இன்னொன்றில் எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும். இரண்டும் ஆன்லைன். தேதி எப்படிப் போடுகிறார்கள், மாற்ற முடியுமா? மார்க் எப்படிப் போடுகிறார்கள்? போன வருஷம் என் தோழி 99 எடுத்தும் இடம் கிடைக்கவில்லை, 94 எடுத்தவருக்குக் கிடைத்தது. இது வெறும் அதிர்ஷ்டமா?"

தோழியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கணக்கு புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

நான் கத்ர் போர்னில் வளர்ந்து, எம்பிஏவுக்கு இந்தியா போய், திரும்பி வந்து போர்ட் லூயியில் வேலை பார்ப்பவள். படித்த கல்லூரி சில ஆண்டுகளாக என்னைப் பழைய மாணவி என்ற முறையில் நேர்காணல் பேனலில் உட்கார வைக்கிறது. அதனால் மேசையின் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

99க்கும் 94க்கும் நடுவே பெரிய பள்ளம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் இறுதிப் பட்டியல் போடும்போது பல கல்லூரிகள், எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை முந்தினீர்கள் என்று சொல்லும் பர்சென்டைலை எடுப்பதில்லை, கேட் மதிப்பெண்ணைத்தான் எடுக்கின்றன. அதுவும் மொத்தத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு கல்லூரியின் பங்கீடு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கேட் 30, குழு விவாதம் 10, நேர்காணல் 40, பள்ளி, கல்லூரிப் படிப்பு 12, வேலை அனுபவம் 8. மொத்தம் 100. எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் நடப்புக்கு வெகு தூரத்தில் இல்லை.

அந்த வருஷம் கேட் தாளில் 66 கேள்வி, கேள்விக்கு 3 மதிப்பெண், மொத்தம் 198 என்று கொள்வோம். உங்கள் தோழிக்கு 90. அதை 198ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 13.6. மற்றவருக்கு 66. அதே கணக்கில் 10. ஆக, பர்சென்டைலில் மலையாகத் தெரிந்தது இங்கே 3.6 புள்ளிதான். இனி நேர்காணல். தோழிக்குப் பத்துக்கு 6 என்றால் 40க்கு 24. மற்றவருக்கு ஏழரை என்றால் 30. குழு விவாதத்தில் 6, 7. படிப்பில் 9, 8. தோழி படிப்பு முடித்த கையோடு போனவர், வேலை அனுபவத்துக்கு 2. மற்றவர் மூன்று வருஷம் வேலை பார்த்தவர், 5. கூட்டிப் பார்த்தால் தோழிக்கு 54.6, மற்றவருக்கு 60. வேலை அனுபவத்தைச் சமமாக வைத்தாலும் 54.6க்கு எதிரே 57 நிற்கும்.

இந்தப் பங்கீட்டில் நேர்காணலில் ஒரு புள்ளி என்பது இறுதிக் கூட்டலில் 4 புள்ளி. அதைக் கேட்டில் ஈடுகட்ட வேண்டுமானால் 26 மதிப்பெண்ணுக்கு மேல் வேண்டும், கிட்டத்தட்ட ஒன்பது கேள்விகள் கூடுதலாகச் சரியாக இருக்க வேண்டும். பேனலில் உட்கார்ந்திருப்பவர் 6 போடலாமா 7 போடலாமா என்று பேனாவை ஒரு நொடி நிறுத்துகிறாரே, அந்த நொடிக்கு ஒன்பது கேள்வி விலை.

உண்மைப் பங்கீடுகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஐஐஎம் கல்கத்தா அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட சேர்க்கைக் கொள்கையில் கேட்டுக்கு 30, நேர்காணலுக்கு 48, எழுத்துத் தேர்வுக்கு 10, வேலை அனுபவத்துக்கு 8, வேறு துறைப் படிப்புக்கு 4 என்று கொடுத்திருந்தது. ஐஐஎம் அகமதாபாத்தில் நேர்காணல் 50, எழுத்துத் தேர்வு 10, கேட் 25, விண்ணப்ப மதிப்பீடு 15. இந்த மாதிரி ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் தளத்தில் போடுகின்றன. உங்கள் இரண்டு கல்லூரிகளுடையதையும் இன்றே எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய வருஷத்துப் பங்கீட்டை வாட்ஸ்அப்பில் சுற்றுவதிலிருந்து எடுக்காதீர்கள்.

பெரிய ஐஐஎம்கள் குழு விவாதத்தை 2010களின் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு எழுத்துத் தேர்வுக்குப் போய்விட்டன. புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து நடத்தும் பொது நேர்காணலிலும் குழு விவாதம் இல்லை. இன்னும் அதை வைத்திருக்கும் கல்லூரிகளில் அதற்குப் பங்கு பெரும்பாலும் குறைவு.

இந்தப் பங்கு எண்களிலேயே ஒரு மயக்கம் உண்டு. 40 என்று எழுதியிருப்பதால் நேர்காணல்தான் 40 விழுக்காடு முடிவு செய்கிறது என்று அர்த்தமில்லை. ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பேனல் பயந்த பேனல் என்று வையுங்கள், எல்லாருக்கும் 6க்கும் 7க்கும் நடுவிலேயே போடுகிறது. அப்போது நேர்காணலால் வரக்கூடிய அதிகபட்ச வித்தியாசம் 4 புள்ளி. அழைக்கப்பட்டவர்களின் கேட் பங்கும் 10லிருந்து 14 வரைதான் இருக்கும். ஆக 40ம் 30ம் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்துவிடும். அடுத்த அறையில் இருக்கும் பேனல் 3லிருந்து 9 வரை தாராளமாக வீசினால், அங்கே கேட் மதிப்பெண் ஏறக்குறைய மறைந்தே போகும். ஒரே கல்லூரி, ஒரே நாள், இரண்டு வேறு தேர்வுகள் நடந்ததுபோல ஆகிவிடும்.

அதைச் சரிசெய்யத்தான் பேனல்களுக்கு இடையே சமன்செய்யும் வழக்கம். கணக்குத் தெரிந்த கல்லூரிகள் இதைச் செய்கின்றன. ஒரு பேனலின் சராசரி 7.2, மார்க்குகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 0.6. இன்னொன்றின் சராசரி 5.4, திட்ட விலக்கம் 1.2. முதல் பேனலில் ஒருவர் 7.8 வாங்குகிறார், அதாவது சராசரிக்கு மேல் ஒரு விலக்கம். இரண்டாவதில் ஒருவர் 6.6 வாங்குகிறார், அதுவும் சராசரிக்கு மேல் ஒரு விலக்கம். இருவரையும் பொதுவான ஓர் அளவுக்கு, சராசரி 6, விலக்கம் 1 என்ற அளவுக்கு மாற்றினால் இருவருக்கும் 7தான். "கறாரான பேனல் கிடைத்தது, அதனால் போச்சு" என்று சொல்பவர்களின் புலம்பலில் பாதி இதனால் அடிபட்டுப் போகிறது.

பாதிதான் என்றேன். பேனல் எட்டுப் பேரை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சராசரியை நம்ப முடியாது. அந்த எட்டுப் பேரும் தற்செயலாகவே கெட்டிக்காரர்களாக இருந்தால், சமன்செய்வது அவர்களை அநியாயமாகக் கீழே இழுக்கும். இதனால்தான் யார் எந்தப் பேனலுக்குப் போவது என்பதைக் குலுக்கிப் போடுகிறார்கள். வெறும் அதிர்ஷ்டமா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கொஞ்சம் உண்டு, அது இந்த இடத்தில் இருக்கிறது.

பேனல் எப்படி இயங்குகிறது என்றால், எங்கள் பக்கம் இரண்டு பேராசிரியர்களும் ஒரு பழைய மாணவரும். எங்கள் கையில் இருக்கும் தாளில் விண்ணப்பதாரரின் கேட் மதிப்பெண் இருக்காது. வேண்டுமென்றேதான் மறைக்கிறார்கள், 99 என்று பார்த்துவிட்டால் மனசு தானாகவே அரைப் புள்ளி கூட்டிவிடும். படிவமும், எழுத்துத் தேர்வில் எழுதியதும் இருக்கும். ஒருவர் வெளியே போனதும் மூவரும் பேசாமல் தனித்தனியாக மார்க் போடுவோம். அதன் பிறகு தாள்களைத் திருப்பிக் காட்டுவோம். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் பேச்சு. ஆளுக்கொரு காரணம் சொல்லி, மாற்ற நினைப்பவர் மாற்றிக்கொண்டு, சராசரி எடுப்போம். எல்லாக் கல்லூரியும் இப்படியே செய்யும் என்று சொல்லவில்லை, ஆனால் தனியாகப் போட்டுப் பிறகு ஒப்பிடுவது பரவலான முறை. இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் நேர்காணலுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் மொத்தக் கூட்டல் எவ்வளவு வந்தாலும் பட்டியலில் பெயர் வராது.

சரி, குழு விவாதத்துக்கு வருகிறேன்.

எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை, 15 முதல் 20 நிமிடம், அதற்கு முன் யோசிக்க இரண்டு மூன்று நிமிடம். நேரில் நடந்தால் நெஞ்சில் ஓர் எண் ஒட்டுவார்கள், ஆன்லைனில் பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். மதிப்பிடுபவரின் தாளில் ஒரு வட்டம், சுற்றிலும் எண்கள். யார் பேசினாலும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. பொருள் இருந்தால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. யாரையாவது குறுக்கே வெட்டினால் ஒரு பெருக்கல் குறி. இது என் பழக்கம், இன்னொருவருக்கு வேறு குறி இருக்கும். முடிந்ததும் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பொருள், பேச்சு, பிறரோடு நடந்துகொண்ட விதம் என்று தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறோம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொடுத்த விஷயம் இது. கோவாவில் 40 அறைகள் கொண்ட ஹோட்டல், மழைக்காலத்தில் கால்வாசி அறைகள்தான் நிரம்புகின்றன. ஒரு அறைக்கு ஓர் இரவு வாடகை 2,000 ரூபாய், அறையைக் கொடுத்தால் ஆகும் செலவு 1,500. மூன்று மாதம் மூடுவதா, திறந்து வைப்பதா?

மணி அடித்ததும் நாலாம் எண் பாய்ந்தார். சுற்றுலாத் துறையின் முக்கியத்துவம், பிராண்ட் பெயர், வாடிக்கையாளர் விசுவாசம். மொத்தம் ஆறு முறை பேசினார். ஆறு கோடு, ஒரு புள்ளி, இரண்டு பெருக்கல் குறி. மூன்றாம் எண் விலையைப் பாதியாக்கலாம் என்றார். செலவே 1,500 இருக்கும்போது 1,000 ரூபாய்க்குக் கொடுத்தால் ஒவ்வோர் அறைக்கும் 500 நஷ்டம் என்பதை யாரும் கவனிக்கவில்லை, ஐந்து நிமிடம் அதைச் சுற்றியே ஓடியது. ஏழாம் எண் எட்டாவது நிமிடத்தில்தான் வாயைத் திறந்தார். நாளுக்குப் பத்து அறை, மாதத்துக்கு 300 இரவு, இரவுக்கு 500 ரூபாய் மிச்சம், ஆக மாதம் ஒன்றரை லட்சம் வருகிறது என்றார். அப்புறம், "மூடினால் ஊழியர் சம்பளத்தில் எவ்வளவு மிச்சமாகும்? முழுச் சம்பளமும் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் திறந்து வைப்பதுதான் லாபம். மூடுவதால் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சமானால் மூடுவதுதான் சரி. அந்த எண் நமக்குக் கொடுக்கப்படவில்லை, ஒன்றை வைத்துக்கொண்டு பேசலாமா?" என்று கேட்டுவிட்டு, அதுவரை பேசாமலிருந்த இரண்டாம் எண்ணிடம், ஹோட்டலில் வேலை பார்த்ததாக அறிமுகத்தில் சொன்னீர்களே, அங்கே என்ன வழக்கம் என்றார்.

ஏழாம் எண் மொத்தம் மூன்று முறைதான் பேசினார். மூன்று கோடு, மூன்று புள்ளி. நான் பத்துக்கு 8 போட்டேன், பக்கத்திலிருந்த பேராசிரியரும் 8. நாலாம் எண்ணுக்கு நாங்கள் இருவரும் 5. முதலில் பேசியதற்கென்று தனி மார்க் எந்தத் தாளிலும் இல்லை, அது வெளியே பயிற்சி மையங்களில் பிறந்த நம்பிக்கை. முதலில் பேசுபவர் நல்ல சட்டகம் போட்டுக் கொடுத்தால் பொருளில் மார்க் ஏறும், வெறும் முன்னுரை சொன்னால் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். கடைசியில் தொகுத்துச் சொல்வதும் அப்படியே. பேசிய நேரத்தில் தூங்கியவர் தொகுத்துச் சொன்னால், பிறர் சொன்னதைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்.

ஆனால் ஒரேயடியாகப் பேசாமல் இருந்தால் மதிப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை. வட்டத்தில் கோடு விழாத எண்ணுக்கு 2க்கு மேல் போட யாருக்கும் கை வராது. ஆன்லைனில் இது இன்னும் கஷ்டம். இங்கிருந்து பேசும்போது குரல் அரை நொடி தாமதமாகப் போகும், நீங்கள் இடைவெளி என்று நினைத்து ஆரம்பிக்கும்போது அங்கே வேறொருவர் ஏற்கெனவே தொடங்கியிருப்பார். கையை உயர்த்தும் பொத்தான் அனுமதிக்கப்பட்டிருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவரின் எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள்: "மூன்றாம் எண் சொன்ன விலையில் ஒரு சிக்கல்" என்று. எண்ணைக் கேட்டதும் மற்றவர்கள் நிறுத்துவார்கள், நேரில் கண்ணால் செய்வதை இங்கே எண்ணால் செய்ய வேண்டியிருக்கிறது.

நேர்காணல் 15 முதல் 25 நிமிடம். படிவத்தில் எழுதியது, படித்த பாடம் அல்லது பார்க்கும் வேலை, நாட்டு நடப்பு என்று மூன்று பக்கத்திலிருந்து கேள்வி வரும். மொரீஷியஸ் பாஸ்போர்ட்டோடு, அதுவும் எபேன் வங்கியிலிருந்து போகும் ஒருவரிடம் இந்தியப் பேராசிரியர் எதைக் கேட்பார் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். இரண்டு நாடுகளுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தைக் கேட்பார்.

இந்தக் கேள்வியில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "மொரீஷியஸ் வழியாக முதலீடு வந்தால் இந்தியாவில் பங்கு விற்ற லாபத்துக்கு வரி இல்லை" என்று நம் ஊர்ப் பையன் ஒருவன் பெருமையாகச் சொன்னான். பேராசிரியர் மெதுவாக, 2016க்குப் பிறகுமா என்றார். பையன் பின்வாங்காமல் ஆமாம், சில நிபந்தனைகளோடு என்றான். என்ன நிபந்தனை என்றதும் வாய்க்கு வந்ததை அடுக்கினான். விஷயம் இவ்வளவுதான்: 1982இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை 2016இல் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளை விற்ற லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். 2019 மார்ச் வரை பாதி வீதம், அதன் பிறகு முழு வீதம். 2024 மார்ச்சில் இன்னொரு திருத்தத்தில் கையெழுத்திட்டார்கள், வரிச் சலுகை பெறுவது முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே சலுகையை மறுக்க அது வழி செய்கிறது.

எங்கள் தாளில் தன் துறை அறிவு, தெளிவு, யோசிக்கும் விதம், முதிர்ச்சி என்று நான்கு கட்டங்கள். பையன் உள்ளே வந்த ஐந்தாவது நிமிடம் வரை என் மனதில் எல்லாவற்றிலும் 7. ஒப்பந்தம் தெரியாததற்காக நான் குறைத்தது துறை அறிவில் ஒரே புள்ளி. தெரியாததைத் தெரிந்ததுபோல இரண்டு முறை நீட்டியதற்காக முதிர்ச்சிக்கு 4தான் போட்டேன். யோசிக்கும் விதத்துக்கு 6. சராசரி 7லிருந்து 5.75க்கு இறங்கியது. மேலே சொன்ன கணக்கில் அது இறுதிக் கூட்டலில் 5 புள்ளி. அதே பருவத்தில் வேறொரு பெண், வங்கிக் கிளையில் சில்லறைக் கடன் பார்ப்பவள், அதே கேள்விக்கு, "நான் வெளிநாட்டு முதலீட்டுப் பிரிவில் இல்லை. 2017க்குப் பிறகு வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி போடுகிறது என்பது வரைக்கும் தெரியும். என் மேசைக்கு வருவது வீட்டுக் கடன், அதில் கேளுங்கள்" என்றாள். அடுத்த பத்து நிமிடமும் வீட்டுக் கடன்தான். வட்டி ஏறினால் தவணைக் காலத்தை நீட்டுவதா தவணைத் தொகையைக் கூட்டுவதா, வங்கிக்கு எது ஆபத்து என்று ஆழமாகப் போனது. பேனல் வீட்டுக் கடனுக்குப் போனது அவள் இழுத்துக்கொண்டு போனதால்தான்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். இரண்டு வருஷம் எந்த மேசையில் உட்கார்ந்தீர்களோ, அந்த மேசையின் கடைசி இழுப்பறை வரை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கிளையில் ஒரு விண்ணப்பம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதனால் நிராகரிக்கப்படுகிறது, அந்த விதி ஏன் வந்தது. ஒப்பந்தத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 அல்லது 30 நிமிடம், ஒரு பத்தியைப் படித்து அதன் வாதத்தில் ஓட்டை எங்கே என்று எழுதச் சொல்வார்கள் அல்லது ஒரு தலைப்பு தருவார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: நீங்கள் எழுதியது அடுத்து வரும் நேர்காணலில் பேனல் கையில் இருக்கக்கூடும். எழுத்தில் ஒரு பக்கம் நின்றுவிட்டு, பேச்சில் மறுபக்கம் தாவினால் உடனே பிடித்துவிடுவார்கள்.

இனி தேதி. கேட் முடிவு டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரி தொடக்கத்தில் வருகிறது. அழைப்புப் பட்டியல் அதை ஒட்டியே, நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. சில கல்லூரிகள் தேதியும் நேரமும் தாங்களே போட்டு அனுப்பும். சில தங்கள் தளத்தில் காலியான நேரங்களைத் திறந்து வைத்து, முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடும். இரண்டாவது வகையானால் திறக்கும் அன்றே எடுங்கள், மூன்றாம் நாள் போனால் மிச்சம் இருப்பதுதான்.

மாற்றுவது முடியும், ஆனால் பொதுவாக ஒரே ஒரு முறை, பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்துக்கு: அதே நாளில் வேறு கல்லூரி நேர்காணல். அந்தக் கல்லூரியின் அழைப்புக் கடிதத்தை இணைத்து, அழைப்பில் சொன்ன கெடுவுக்குள் எழுத வேண்டும். அலுவலகத்தில் விடுமுறை கிடைக்கவில்லை என்பதைக் காரணமாக எடுப்பது அரிது. உங்கள் இரண்டு அழைப்புகளும் ஒரே நாளில் மோதினால், எந்தக் கல்லூரியின் விதி நெகிழ்வாக இருக்கிறதோ அதற்கு முதலில் எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் எழுதி, இரண்டும் மாற்றிக் கொடுத்து, மாற்றிய தேதிகளும் மோதிய கதை எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. இரண்டாவது முறை யாரும் மாற்றித் தரவில்லை.

தைப்பூசக் காவடி நமக்கு அரசு விடுமுறை, அங்கே வட இந்தியக் கல்லூரிக்கு அது சாதாரண வேலை நாள். விரத நாட்களில் நேர்காணல் விழுந்தால் அதைச் சொல்லித் தேதி மாற்றக் கேட்பதைவிட, காலை நேரத்தை எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நேரம் என்றதும் என் கதையைச் சொல்லியாக வேண்டும். என் காலத்தில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் ஸ்கைப் நேர்காணல் வைத்தார்கள். கடிதத்தில் 10 மணி என்று இருந்தது, இந்திய நேரம் என்று கீழே சின்ன எழுத்தில். இந்தியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் கடிகாரத்தில் அது காலை எட்டரை. நான் ஒன்பதே முக்காலுக்கு ஈரத் தலையோடு உட்கார்ந்து கணினியைத் திறந்தேன், மூன்று தவறிய அழைப்புகள் காத்திருந்தன. அந்தக் கல்லூரி எனக்கு மறு தேதி கொடுக்கவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. இப்போதைய அழைப்புகளிலும் நுழையும் நேரம், நேர்காணல் நேரம் என்று இரண்டு இருக்கும். 9 மணிக்கு நுழைய வேண்டும் என்றால் இங்கே ஏழரை. அதிலிருந்து உங்கள் முறை வர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை காத்திருப்பு அறையை விட்டு வெளியேறக் கூடாது.

இந்தப் பருவம் முழுக்க நமக்குப் புயல் காலம் என்பதை அங்கே இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை நாம் பார்த்தோம். புயல் எச்சரிக்கை ஏறத் தொடங்கினால், மின்சாரம் போன பிறகு அல்ல, இருக்கும்போதே கல்லூரிக்கு எழுதுங்கள். வானிலை நிலையத்தின் அறிவிப்பை இணைத்து, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைக்கலாம் என்று உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள். முன்கூட்டி எழுதியவருக்கு மறு நேரம் கொடுப்பது அலுவலகத்துக்குச் சுலபம், பிறகு வந்து சொன்னால் எல்லாரும் சொல்லும் சாக்குகளோடு சேர்ந்துவிடும். கைபேசியில் டேட்டா போட்டு, அதன் வழியாக ஒருமுறை ஒத்திகையும் பார்த்து வையுங்கள்.

சான்றிதழ்களில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். இந்தியப் படிவம் பத்தாவது, பன்னிரண்டாவது விழுக்காடு கேட்கும், நம்மிடம் இருப்பது எஸ்சி, எச்எஸ்சி கிரேடுகள். நீங்களாகவே A என்றால் 90 என்று போட்டுக்கொள்ளாதீர்கள், சரிபார்க்கும்போது பொய்யாகத் தெரியும். மாற்றும் விதியைக் கல்லூரியே சொல்லியிருக்கும், இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டமும் அப்படியே. மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் 70 என்பது முதல் வகுப்பின் வாசல், 90 வாங்குவது மிக அரிது. இந்தியக் கண்ணுக்கு 66 சாதாரணமாகத் தெரியும். பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கிரேடு அளவை விளக்கும் ஒரு கடிதம் வாங்கி, பதிவேற்றும் கோப்பிலேயே சேருங்கள். இடம் கிடைத்த பிறகு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் தரும் சமநிலைச் சான்று கேட்கப்படலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஏப்ரலிலேயே விசாரித்து வையுங்கள்.

முடிவுகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில். அப்போது வருவது இரண்டு பட்டியல், இடம் கிடைத்தவர்களுடையதும் காத்திருப்பவர்களுடையதும். நாலைந்து கல்லூரிகளில் இடம் கிடைத்தவர் ஒன்றில்தானே சேர முடியும், மற்றவற்றில் பணம் கட்டும் கெடு முடிந்ததும் அந்த இடங்கள் காத்திருப்போருக்கு நகரும். இந்த நகர்வு ஜூன் வரை போகும், சில நேரம் வகுப்பு தொடங்கும் வாரம் வரைக்கும். உங்கள் தோழியை ஒருமுறை கேளுங்கள், "கிடைக்கவில்லை" என்று அவர் சொன்னது மே மாதப் பட்டியலைப் பார்த்தா, ஜூன் கடைசியில் பார்த்தா என்று. காத்திருப்போர் பட்டியலில் தொடர விருப்பமா என்று வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.